கடைக் கணக்கில் ஒரு தொகை, வங்கியில் ஒரு தொகை: கேட்வே செட்டில்மென்ட்டை ஆர்டர்களோடு ஒப்பிடும் வழி

மாதக் கடைசியில் கடையின் சாஃப்ட்வேர் ஒரு விற்பனைத் தொகையைக் காட்டும். வாடிக்கையாளர் கட்டியதை வாங்கி பேமெண்ட் கேட்வே வங்கியில் போடும் செட்டில்மென்ட் பணத்தைக் கூட்டினால் அதைவிடக் குறைவாக வரும். பலரும் உடனே கமிஷன் போயிருக்கும் என்று சொல்லி, வித்தியாசம் முழுவதையும் செலவுக் கணக்கில் தள்ளிவிடுவார்கள். இதுதான் இருப்பதிலேயே பெரிய பொறி. அந்த வித்தியாசத்தில் பல சமயம் கமிஷன் பாதிகூட இருக்காது. மீதியில் அடுத்த மாதம் வரவேண்டிய பணம் இருக்கும், வாடிக்கையாளருக்குத் திருப்பித் தரவேண்டிய பணம் இருக்கும், யாருக்கும் தெரியாமல் பறிபோன பணமும் இருக்கலாம்.

மொத்தத்தை மொத்தத்தோடு ஒப்பிட்டால் இவை எதுவும் தெரியாது. ஆர்டரிலிருந்து பேமெண்ட், பேமெண்ட்டிலிருந்து செட்டில்மென்ட், செட்டில்மென்ட்டிலிருந்து வங்கி வரவு என்று மூன்று கண்ணிகளையும் தனித்தனியாகப் பொருத்திய பிறகுதான் மொத்தத்தைப் பார்க்க வேண்டும். வூகாமர்ஸ் கடையில் ரேஸர்பே கேட்வே வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வேறு கேட்வே என்றால் பத்திகளின் பெயர் மாறும், முறை மாறாது.

## 1. கோப்புகளை எடுத்து வையுங்கள்

ஐந்து கோப்புகள் வேண்டும்: கடையின் ஆர்டர் பட்டியல், கேட்வேயின் பேமெண்ட் அறிக்கை, ஒவ்வொரு பரிவர்த்தனையையும் வரிவரியாகக் காட்டும் செட்டில்மென்ட் ரீகன் அறிக்கை, வங்கி ஸ்டேட்மென்ட், கேட்வே மாதாமாதம் தரும் ஜிஎஸ்டி இன்வாய்ஸ். செட்டில்மென்ட்டுக்கு ஒரு வரி மட்டும் காட்டும் சுருக்க அறிக்கையும் டாஷ்போர்டில் இருக்கும். அது இந்த வேலைக்குப் போதாது.

முதல் தடங்கல் ஆர்டர் பட்டியலிலேயே வரும். வூகாமர்ஸின் Analytics பக்கத்தில் இறக்கும் ஆர்டர் கோப்பில் பேமெண்ட் ஐடி இருக்காது. `pay_` என்று தொடங்கும் அந்த ஐடி இல்லாமல் எதையும் பொருத்த முடியாது. ஆர்டர்களை ஏற்றுமதி செய்யும் பிளகின் ஏதாவது இருந்தால் அதில் transaction ID என்ற பத்தியைத் தேர்ந்தெடுங்கள். டேட்டாபேஸைத் திறக்க முடிந்தால், ஆர்டர்களைத் தனி டேபிளில் வைக்கும் புதிய அமைப்பில் இது போதும்:

```sql
SELECT id, status, total_amount, transaction_id,
  DATE_ADD(date_created_gmt, INTERVAL 330 MINUTE) AS ist
FROM wp_wc_orders
WHERE type = 'shop_order'
  AND payment_method = 'razorpay'
  AND date_created_gmt >= '2025-02-26 18:30:00'
  AND date_created_gmt <  '2025-04-02 18:30:00';
```

இதில் மூன்று விஷயங்கள் கவனிக்க வேண்டியவை. டேட்டாபேஸில் நேரம் ஜிஎம்டியில் இருக்கிறது, அதனால் 330 நிமிடம் கூட்டி இந்திய நேரமாக்குகிறோம். இதை விட்டால் நள்ளிரவிலிருந்து காலை ஐந்தரை மணி வரை வந்த ஆர்டர்கள் முந்தைய நாளில் போய் உட்கார்ந்துவிடும். மார்ச் கணக்குக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாள் கூடுதலாக எடுக்கிறோம், எல்லையில் நிற்கும் ஆர்டர்கள் தேடும்போது கிடைப்பதற்காக. status எதையும் வடிகட்டவில்லை. கேன்சல் ஆன ஆர்டர்களும் வேண்டும், காரணம் நான்காம் படியில் தெரியும். கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர்கள் மட்டும் இதில் வராது. அந்தப் பணம் கூரியர் கம்பெனி வழியாக வருவது, அதற்குத் தனி ஒப்பீடு.

செட்டில்மென்ட் அறிக்கையை மாதம் முடிந்து ஒரு வாரம் வரைக்கும் சேர்த்து எடுங்கள். பணம் வழக்கமாக இரண்டு வேலை நாள் கழித்துத்தான் வங்கிக்கு வருகிறது. இரண்டாம், நான்காம் சனி, ஞாயிறு, வங்கி விடுமுறை எல்லாம் இடையில் விழுந்தால் இன்னும் தள்ளும்.

கோப்புகளை எக்செலில் நேரடியாக டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். Data பகுதியிலிருந்து இறக்குமதி செய்து, ஐடி பத்திகளையும் வங்கிப் பரிமாற்ற எண்ணான யூடிஆர் பத்தியையும் Text என்று குறிப்பிடுங்கள். நேரடியாகத் திறந்தால் எண்களால் மட்டும் ஆன நீளமான யூடிஆர் `1.23E+15` போல மாறும். பதினைந்து இலக்கத்தைத் தாண்டியவை பூஜ்யமாகிவிடும், பிறகு மீட்க முடியாது. 03/04 என்ற தேதி ஏப்ரலா மார்ச்சா என்ற குழப்பமும் இப்படித் திறப்பதால்தான் வருகிறது.

## 2. வங்கிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

ஆர்டரிலிருந்து தொடங்கத்தான் கை போகும். வங்கியிலிருந்து தொடங்குவதே சுலபம், ஏனென்றால் இந்தக் கண்ணி பைசா சுத்தமாகப் பொருந்தியாக வேண்டும். வங்கியில் கேட்வே போட்ட ஒவ்வொரு வரவுக்கும் ஒரு `settlement_id` உண்டு, ஒரு `settlement_utr` உண்டு. வங்கி ஸ்டேட்மென்ட்டின் விவரப் பத்தியில் அதே யூடிஆர் இருக்கும்.

தனி ஷீட்டில் செட்டில்மென்ட் ஐடிகளை A பத்தியில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் வரவிலிருந்து பற்றைக் கழியுங்கள். ரீகன் ஷீட்டில் debit E பத்தியிலும் credit F பத்தியிலும் settlement_id P பத்தியிலும் இருப்பதாக வைத்துக்கொண்டால்:

```
=SUMIFS(Recon!F:F,Recon!P:P,A2)-SUMIFS(Recon!E:E,Recon!P:P,A2)
```

வரும் தொகை வங்கி வரவுக்குச் சமமாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு பொருந்தவில்லை என்றால் பெரும்பாலும் கோப்பு முழுதாக இறங்கவில்லை. சரியாக நூறு மடங்கு பெரிதாக வந்தால் நீங்கள் எடுத்தது ஏபிஐ வழியாக, அதில் தொகைகள் பைசாவில் இருக்கும். உடனடி செட்டில்மென்ட் வசதியைப் பயன்படுத்தியிருந்தால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, அதையும் தேடிப் பாருங்கள்.

இது முடியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

## 3. கமிஷனை இரண்டு முறை கழிக்காதீர்கள்

ரீகன் அறிக்கையில் `fee`, `tax` என்று இரண்டு பத்திகள் இருக்கும். ரேஸர்பேயில் fee என்பதற்குள்ளேயே ஜிஎஸ்டி அடக்கம். tax அதில் ஜிஎஸ்டி எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது மட்டும்தான். 5,000 ரூபாய் கார்டு பேமெண்ட், கமிஷன் இரண்டு சதவீதம் என்றால் கமிஷன் 100, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 18. fee பத்தியில் 118 இருக்கும், tax பத்தியில் 18, credit பத்தியில் 4,882. இரண்டு பத்திகளையும் கழிப்பவருக்கு 4,864 வரும். ஒவ்வொரு வரியிலும் இப்படி ஜிஎஸ்டி இரண்டு தடவை போனால் மாதக் கடைசியில் ஆயிரக்கணக்கில் விளங்காத வித்தியாசம் நிற்கும். உங்கள் கேட்வே எப்படிக் காட்டுகிறது என்று ஒரே ஒரு வரியை எடுத்துக் கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சில வரிகளில் tax பூஜ்யமாக இருக்கிறதே என்று பதற வேண்டாம். ஒரு பரிவர்த்தனைக்கு 2,000 ரூபாய் வரையிலான கார்டு பேமெண்ட்டுகளின் கமிஷனுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அதனால்தான் மொத்தக் கமிஷனை 18 சதவீதத்தால் பெருக்கினால் tax பத்தியின் கூட்டுத்தொகை வராது. சரிபார்ப்பதை வரிவரியாகத்தான் செய்ய வேண்டும்: `fee`-இலிருந்து `tax`-ஐக் கழித்து `amount`-ஆல் வகுங்கள். வரும் சதவீதத்தை `method` வாரியாக உங்கள் ஒப்பந்தத்தோடு ஒப்பிடுங்கள். யூபிஐ, ரூபே டெபிட் கார்டுக்கு 2020 ஜனவரியிலிருந்து எம்டிஆர் என்ற வணிகர் கட்டணம் கிடையாது. ஆனாலும் கேட்வே தன் சேவைக்கு என்று தனிக் கட்டணம் எடுக்கலாம், ஒப்பந்தத்தில் அதையும் படியுங்கள்.

## 4. பேமெண்ட்டையும் ஆர்டரையும் இரண்டு திசையிலும் தேடுங்கள்

நேரம் பிடிப்பது இந்தப் படிதான். பேமெண்ட் அறிக்கையில் அந்த மாதத்து வரிகளை எடுங்கள். பணம் உறுதியாகக் கேட்வேயிடம் வந்து சேர்ந்ததைக் காட்டும் `captured` நிலையை மட்டும் வடிகட்டினால் ஒரு பொறியில் விழுவீர்கள். முழுத் தொகையும் ரீஃபண்ட் ஆன பேமெண்ட்டின் நிலை `refunded` என்று மாறிவிடும். அதை விட்டுவிட்டு, பிறகு ரீஃபண்டையும் கழித்தால் ஒரே பணம் இரண்டு முறை போகும். இரண்டு நிலைகளையும் எடுங்கள். கேப்சர் ஆகாமலேயே திரும்பிப்போனவற்றை மட்டும் விட்டுவிடுங்கள், அவை உங்கள் கைக்கு வந்த பணமே அல்ல.

பிறகு ஒவ்வொரு பேமெண்ட்டுக்கும் ஆர்டர் இருக்கிறதா என்று பாருங்கள்:

```
=XLOOKUP(TRIM(A2),Orders!D:D,Orders!A:A,"இல்லை")
```

அதே வேலையை மறுதிசையிலும் செய்யுங்கள்: கடையில் பணம் வந்ததாக இருக்கும் ஒவ்வொரு ஆர்டருக்கும் பேமெண்ட் இருக்கிறதா? ஒரு திசை மட்டும் பார்த்தால் பாதி தவறிவிடும். பொருந்திய வரிகளிலும் தொகை சமமா என்று பாருங்கள். பணம் வந்த பிறகு யாராவது ஆர்டரைத் திருத்தியிருந்தால் அங்கே தெரியும்.

"இல்லை" என்று வந்தவற்றில் பெரும்பாலானவை இரண்டு வகை.

தாமதமாக வந்த பணம். வாடிக்கையாளர் யூபிஐயில் பணம் கட்டுகிறார், உறுதிச் செய்தி வருவதற்குள் பக்கத்தை மூடிவிடுகிறார் அல்லது வங்கியிலிருந்து பதில் தாமதமாகிறது. வூகாமர்ஸில் Hold stock என்ற அமைப்பு இயல்பாக 60 நிமிடம் என்று இருக்கும். அதற்குள் பணம் வந்ததாகத் தெரியாவிட்டால் ஆர்டர் தானாகக் கேன்சல் ஆகிவிடும். அதன்பிறகு கேட்வேயில் பணம் கேப்சர் ஆனால் கேட்வே பக்கம் வரவு இருக்கும், கடையில் கேன்சல் ஆன ஆர்டர் இருக்கும். கடையின் Analytics அறிக்கை கேன்சல், ஃபெயில் ஆனவற்றை இயல்பாகவே கணக்கில் சேர்ப்பதில்லை, அதனால் அங்கே தேடிப் பயனில்லை. தொகை, போன் எண், நேரம் மூன்றையும் வைத்துக் கேன்சல் பட்டியலில் தேடினால் அகப்படும்.

பணம் கழிந்தும் உறுதியாகாத பரிவர்த்தனையை ஐந்து நாளுக்குள் தானாகத் திருப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதித்திருக்கிறதே, அதுவே திரும்பிவிடாதா என்று கேட்பார்கள். திரும்பாது. அந்த விதி உறுதியாகாத பரிவர்த்தனைக்கு. இங்கே பணம் கேப்சர் ஆகி உங்கள் கணக்குக்கே வந்துவிட்டது. பொருளை அனுப்புவதோ ரீஃபண்ட் கொடுப்பதோ உங்கள் பொறுப்பு. வாரக் கணக்கில் விட்டால் வாடிக்கையாளர் தன் வங்கியில் புகார் செய்து, டிஸ்ப்யூட்டாகத்தான் திரும்பி வரும்.

இரட்டைப் பணம். முதல் முயற்சி தோற்றது என்று நினைத்து வாடிக்கையாளர் மறுபடி கட்டுகிறார். கேட்வேயின் ஒரு `order_id`-க்குள் இரண்டு பேமெண்ட் கேப்சர் ஆகாது. ஆனால் மறுமுயற்சிக்குக் கடை புதிதாக ஒரு `order_id` உருவாக்கியிருந்தால் இரண்டுமே கேப்சர் ஆகலாம். கடை ஆர்டரிலோ ஒரே ஒரு பேமெண்ட் ஐடிக்குத்தான் இடம். அதனால் `order_id`-ஐ வைத்து இரட்டையைத் தேடுபவர்களுக்கு எதுவும் கிடைக்காது. `order_receipt` அல்லது போன் எண்ணும் தொகையும் ஒன்றாக, அரைமணி நேரத்துக்குள் வந்தவற்றைத் தேடுங்கள்.

மறுதிசையில், ஆர்டர் இருந்து பேமெண்ட் இல்லாதவை அரிது. இருந்தால் உடனே பாருங்கள். யாரோ கையால் ஆர்டர் நிலையை Processing என்று மாற்றியிருப்பார்கள். வாடிக்கையாளர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை நம்பி மாற்றியதாக இருந்தால், பணம் வந்ததா என்று வங்கியில் பார்க்காமல் பொருளை அனுப்பக் கூடாது.

## 5. ரீஃபண்டும் டிஸ்ப்யூட்டும்

வூகாமர்ஸில் ரீஃபண்ட் கொடுக்கும்போது இரண்டு பொத்தான்கள் தெரியும். கேட்வே பெயர் போட்ட பொத்தானை அழுத்தினால் பணம் போகும். manually என்று இருப்பதை அழுத்தினால் கடைக் கணக்கில் ரீஃபண்ட் என்று எழுதப்படும், பணம் அசையாது. அவசரத்தில் இரண்டாவதை அழுத்திவிட்டு "ரீஃபண்ட் போட்டாச்சு" என்று சொல்வது அன்றாடம் நடப்பது. நேர்மாறாக, கேட்வே டாஷ்போர்டில் நேரடியாகக் கொடுத்த ரீஃபண்ட் கடைக்குத் தெரியாமல் போகலாம். ஆகவே ரீஃபண்டையும் இரண்டு திசையிலும் பொருத்த வேண்டும். ரீகன் அறிக்கையில் `type` பத்தியில் `refund` என்று வரும் வரிகளை எடுத்து, அவற்றின் `payment_id` வழியாக ஆர்டரைப் பிடியுங்கள்.

ரீஃபண்ட் கொடுத்தாலும் முதலில் எடுத்த கமிஷன் திரும்பாது. 5,000 ரூபாய் முழுதாகத் திருப்பினாலும் கேட்வே எடுத்த 118 ரூபாய் திரும்பி வராது, அதில் கமிஷனான 100 கமிஷன் கணக்கிலேயே நிற்கட்டும்.

டிஸ்ப்யூட் தொகை `adjustment` என்று பற்றுப் பக்கம் வரும். ஆர்டர் எண் இல்லாத வரியாகத் தெரிவதால் பலர் இதைக் கமிஷன் என்று எழுதிவிடுகிறார்கள். டாஷ்போர்டில் டிஸ்ப்யூட் பகுதியைத் திறந்து எந்தப் பேமெண்ட் என்று பாருங்கள். பதில் தரவேண்டிய கடைசித் தேதி அங்கேயே இருக்கும். கூரியரின் டெலிவரி ரசீது, இன்வாய்ஸ், வாடிக்கையாளரோடு நடந்த பேச்சு மூன்றையும் அதற்குள் ஏற்றாவிட்டால் வழக்கு தானாகத் தோற்கும். மாதக் கடைசியில்தான் இதைக் கண்டுபிடிப்பீர்கள் என்றால் பல சமயம் கெடு முடிந்திருக்கும், அதனால் டிஸ்ப்யூட்டை மட்டுமாவது வாரம் ஒருமுறை பாருங்கள்.

## 6. வித்தியாசத்தை ஒரு பாலமாக எழுதுங்கள்

இப்போதுதான் மொத்தத்துக்கு வருகிறோம். கடைப் பக்கம் Net sales எண்ணை எடுக்காதீர்கள், அதில் வரியும் ஷிப்பிங்கும் இருக்காது. அந்த மாதத்தில் பணம் வந்த ஆர்டர்களின் `total_amount` கூட்டுத்தொகைதான் வேண்டும்.

மாதிரிக்கு ஒரு ஜவுளிக் கடையின் மார்ச் கணக்கு. பணம் வந்த ஆன்லைன் ஆர்டர்கள் 3,89,950 ரூபாய். வங்கிக்கு வந்தது 3,55,422. வித்தியாசம் 34,528.

| விவரம் | ரூபாய் |
|---|---|
| கடையின் ஆன்லைன் ஆர்டர்கள் | 3,89,950 |
| கேன்சல் ஆன ஆர்டருக்குத் தாமதமாக வந்த பணம் | + 1,850 |
| இரட்டைப் பணம் | + 2,400 |
| 31 இரவு ஆர்டர், நள்ளிரவு தாண்டி வந்த பணம் | − 800 |
| கேட்வேயில் மார்ச் பேமெண்ட் | 3,93,400 |
| பிப்ரவரி பேமெண்ட், மார்ச்சில் செட்டில் ஆனது | + 18,000 |
| மார்ச் பேமெண்ட், ஏப்ரலில் செட்டில் ஆவது | − 34,400 |
| ரீஃபண்ட் | − 9,250 |
| டிஸ்ப்யூட் | − 3,600 |
| கமிஷன் | − 7,540 |
| கமிஷனுக்கு ஜிஎஸ்டி | − 1,188 |
| வங்கி வரவு | 3,55,422 |

கமிஷனும் ஜிஎஸ்டியும் சேர்ந்து 8,728 தான். வித்தியாசத்தில் கால் பங்குக்குக் கொஞ்சம் அதிகம். 7,540-க்கு 18 சதவீதம் போட்டால் 1,357 வர வேண்டும், 1,188 தான் வந்திருக்கிறது. அந்தக் கமிஷனில் 940 ரூபாய் 2,000-க்கு உட்பட்ட கார்டு பேமெண்ட்டுகளுடையது. மீதி 6,600-க்கு 18 சதவீதம் 1,188, கணக்குச் சரி.

ரீஃபண்ட் வரியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கடைப் பதிவின்படி மார்ச்சில் கொடுத்த ரீஃபண்ட் 8,600. கேட்வேயிலோ 9,250. வித்தியாசம் 650 என்று எழுதிவிட்டுப் போனால் இரண்டு தவறுகள் ஒன்றையொன்று மறைத்துவிடும். வரிவரியாகப் பொருத்தினால், தாமதமாக வந்த 1,850 டாஷ்போர்டிலிருந்து திருப்பப்பட்டது, கடைக்குத் தெரியாது. கடையில் எழுதிய ரீஃபண்டில் 1,200 manually பொத்தானில் போனது, கேட்வேயிலிருந்து பணம் போகவில்லை. 8,600-இல் 1,200 கழித்து 1,850 கூட்டினால் 9,250. அந்த 1,200-ஐ யாராவது தன் போனிலிருந்து யூபிஐயில் அனுப்பினார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஒரு வாடிக்கையாளர் இன்னும் காத்திருக்கிறார். இரட்டையாக வந்த 2,400-க்கும் ரீஃபண்ட் வரி எதுவும் இல்லை, அதுவும் கொடுக்க வேண்டியதே.

பாலத்தின் கடைசியில் பத்திருபது ரூபாய் ஒட்டாமல் நின்றால் அதை ரவுண்டிங் என்று எழுத ஆசை வரும். பைசா ரவுண்டிங் ஒரு பரிவர்த்தனைக்கு ஒரு பைசாவைத் தாண்டாது. 300 பேமெண்ட்டுக்கு மூன்று ரூபாய்க்கு மேல் என்றால் வேறு எங்கோ ஒரு வரி தவறியிருக்கிறது.

## 7. டேலியிலும் ஜிஎஸ்டியிலும் எழுதுவது

வங்கிக்கு வந்த நிகரத் தொகையை விற்பனையாக எழுதக் கூடாது. விற்பனை முழுத் தொகைக்குத்தான் ஜிஎஸ்டி கட்ட வேண்டும், கமிஷன் தனிச் செலவு. கேட்வே பெயரில் ஒரு லெட்ஜர் திறந்து, பணம் கேப்சர் ஆனதும் முழுத் தொகையை அதில் பற்று வையுங்கள். செட்டில்மென்ட் வரும்போது வங்கி, கமிஷன், இன்புட் ஜிஎஸ்டி மூன்றையும் பற்று வைத்து கேட்வே லெட்ஜரை வரவு வையுங்கள். ரீஃபண்டும் டிஸ்ப்யூட்டும் இதே லெட்ஜர் வழியாகப் போகட்டும். மேலே உள்ள கணக்கில் மார்ச் 31 அன்று லெட்ஜரில் 34,400 நிற்க வேண்டும், வேறு எதுவும் நின்றால் ஒரு பதிவு விட்டுப்போயிருக்கிறது. இரட்டைப் பணம் 2,400-ஐ விற்பனையில் சேர்க்காமல் வாடிக்கையாளருக்குத் தரவேண்டியது என்று தனியே வையுங்கள்.

இன்புட் கிரெடிட்டைக் கேட்வேயின் இன்வாய்ஸ்படிதான் எடுக்க வேண்டும், ரீகன் அறிக்கையின் tax பத்திப்படி அல்ல. செட்டில் ஆன பேமெண்ட்டுகளின் பட்டியலும் இன்வாய்ஸில் உள்ள பட்டியலும் மாத எல்லையில் வேறுபடலாம். அடுத்த மாதம் 14-ஆம் தேதி உருவாகும் ஜிஎஸ்டிஆர்-2பியில் அந்த இன்வாய்ஸ் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வராவிட்டால் கேட்வே டாஷ்போர்டில் உங்கள் ஜிஎஸ்டி எண் சரியாக இருக்கிறதா என்று முதலில் சரிபாருங்கள்.

இதற்கெல்லாம் தனி சாஃப்ட்வேர் வாங்கத் தேவையில்லை. மாதம் சில நூறு ஆர்டர் உள்ள கடைக்கு எக்செல் போதும். முதல் மாதம் ஒரு முழு நாள் எடுக்கும், ஷீட் ஒருமுறை அமைந்துவிட்டால் பிறகு அரைநாள்கூட ஆகாது. மாதம் முடிந்து ஏழெட்டு நாள் கழித்துத் தொடங்குங்கள், அதற்குள் கடைசி நாட்களின் செட்டில்மென்ட் வந்திருக்கும்.

ஏப்ரலில் செட்டில் ஆக வேண்டிய 34,400-ஐ ஒற்றை எண்ணாக விடாமல், அதிலுள்ள `pay_` ஐடிகளைத் தனி ஷீட்டில் சேமியுங்கள். ஏப்ரல் கணக்கைத் திறந்ததும் முதல் வேலை அந்த ஐடிகள் ஒவ்வொன்றுக்கும் `settlement_id` வந்துவிட்டதா என்று டிக் போடுவது. வராத ஐடி இருந்தால் `on_hold` பத்தியைப் பாருங்கள், கேட்வே அந்தப் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறதா என்று அதில் தெரியும். நிறுத்தியிருந்தால் அந்த ஐடியையும் தேதியையும் குறிப்பிட்டு அவர்களுக்கு டிக்கெட் போடுங்கள்.